அந்த 30 லட்சம் யாருடைய பணம்?

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள். விற்பவர் ஒரு பெஞ்சில், வாங்குபவர் இன்னொரு பெஞ்சில், பத்திர எழுத்தர் இருவருக்கும் நடுவே அலைந்துகொண்டிருப்பார். வங்கியிலிருந்து வந்தவரின் கைப்பையில் விற்பவர் பெயருக்கு எடுத்த டிடி ஒன்று இருக்கும். 30 லட்சம் ரூபாய். கையெழுத்தும் கைரேகையும் முடிந்த பிறகுதான் அது பையை விட்டு வெளியே வரும்.

அந்தக் கைப்பையோடு பல வருடம் போய் வந்தவன் நான். ஒருமுறை காத்திருந்த நேரத்தில் வீடு வாங்கியவர் கேட்டார்: "ஏன் சார், இது யாரோ உங்க பேங்க்ல போட்டு வச்ச டெபாசிட் பணம்தானே? அதைத்தானே எடுத்து எனக்குக் கொடுக்கிறீங்க?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்போது நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவைக் கணினியில் தினமும் போடுகிறவனே அதில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருந்ததை இன்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

சரி, அந்தப் பதிவு என்ன? கடன் கொடுக்கும் நாளில் கிளையில் இரண்டு வரி எழுதப்படுகிறது. வாங்குபவர் பெயரில் புதிதாகத் திறந்த வீட்டுக் கடன் கணக்கில் 30 லட்சம் பற்று. அவருடைய சேமிப்புக் கணக்கில் 30 லட்சம் வரவு. அடுத்த நிமிடமே சேமிப்புக் கணக்கிலிருந்து அந்தத் தொகையை எடுத்து டிடி போடுகிறோம். அவ்வளவுதான். இந்த இரண்டு வரியில் மூன்றாவது ஆள் எங்கும் இல்லை. அதே கிளையில் 10 லட்சம் போட்டு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அன்று பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் அவருடைய 10 லட்சம் அப்படியே இருக்கும். யாருடைய கணக்கிலும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் காலையில் இல்லாத 30 லட்சம் டெபாசிட் மதியம் இருக்கிறது.

இதை ஒருவர் வேலை மெனக்கெட்டுச் சோதித்தே பார்த்தார். ரிச்சர்ட் வெர்னர் என்ற பொருளியலாளர் 2013 ஆகஸ்டில் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் வில்டன்பெர்க் என்ற ஊரிலுள்ள சின்னக் கூட்டுறவு வங்கி ஒன்றிடம் 2 லட்சம் யூரோ கடன் வாங்கினார். கடன் கொடுக்கும்போது பணத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதை வங்கியின் உள் கணக்குகளை வைத்துக்கொண்டு பார்ப்பதே நோக்கம். வேறு எந்தக் கணக்கிலிருந்தும் பணம் மாற்றப்படவில்லை. இருப்பு போதுமா என்று கடன் தருமுன் யாரும் சரிபார்க்கவும் இல்லை. இரண்டு பக்கமும் 2 லட்சம் கூடியது. அடுத்த ஆண்டு முடிவை ஆய்விதழில் வெளியிட்டார். அதே 2014ல் இங்கிலாந்து வங்கியும் தன் காலாண்டிதழில் இதையே வெளிப்படையாக எழுதியது: வங்கி கடன் கொடுக்கும்போது, கடன் வாங்கியவர் கணக்கில் அதற்கு நிகரான டெபாசிட்டை உண்டாக்குகிறது, புதுப் பணம் அங்கேதான் பிறக்கிறது என்று. ஒரு நாட்டின் மத்திய வங்கியே சொன்னதால் பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதிர்ச்சி தரவேண்டிய செய்தியே அல்ல.

நாம் பாடப் புத்தகத்தில் படித்தது வேறு மாதிரி இருக்கும். பகுதி இருப்பு வங்கிமுறை என்ற தலைப்பில் வரும் கதை இது. ஒருவர் 1 லட்சம் ரூபாய் நோட்டைக் கொண்டுபோய் வங்கியில் போடுகிறார். ரொக்க இருப்பு விகிதம், அதாவது சிஆர்ஆர், 4 சதவீதம் என்றால் வங்கி 4,000 ரூபாயை ரிசர்வ் வங்கியில் வைத்துவிட்டு 96,000 ரூபாயைக் கடன் கொடுக்கிறது. கடன் வாங்கியவர் அதைச் செலவு செய்ய, அது இன்னொரு வங்கியில் டெபாசிட்டாக வந்து சேர்கிறது. அந்த வங்கி 3,840 ரூபாயை ஒதுக்கிவிட்டு 92,160 கொடுக்கிறது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் கடைசியில் 1 லட்சம் நோட்டின் மேல் 25 லட்சம் டெபாசிட் நிற்கும். விகிதத்தை 3 சதவீதமாக்கினால் 33 லட்சத்தைத் தாண்டும்.

கணக்கு தப்பில்லை. ஒரு சங்கதியையும் அது சரியாகச் சொல்கிறது. மொத்த டெபாசிட்டில் ஒரு சிறு பகுதிக்குத்தான் ரொக்கமோ ரிசர்வ் வங்கி இருப்போ உண்டு, மீதி எல்லாம் கடனாகவும் அரசுப் பத்திரமாகவும் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. டெபாசிட் வந்து, அதில் கொஞ்சம் ஒதுக்கி, மீதியைக் கடன் கொடுப்பதாகக் கதை சொல்கிறது. கிளையில் நடப்பது கடன் முதலில், டெபாசிட் அதோடு, இருப்புத் தேடல் கடைசியில்.

மடங்கும் ஒத்துவருவதில்லை. 2025 மார்ச் இறுதியில் இந்தியாவில் மொத்தப் பணம், அதாவது மக்கள் கையிலுள்ள நோட்டு, நாணயம், வங்கி டெபாசிட் எல்லாம் சேர்த்து, சுமார் 270 லட்சம் கோடி ரூபாய். அதில் நோட்டும் நாணயமுமாக மக்கள் கையில் இருந்தது ஏறத்தாழ 36 லட்சம் கோடி. மீதியெல்லாம் வங்கிகளின் பேரேட்டில் எழுதியிருக்கும் எண்கள். ரிசர்வ் வங்கி நேரடியாக வெளியிட்ட அடிப்படைப் பணத்தோடு, அதாவது நோட்டும் நாணயமும் வங்கிகள் அதனிடம் வைத்திருக்கும் இருப்பும் சேர்ந்த தொகையோடு, ஒப்பிட்டால் மொத்தப் பணம் 6 மடங்குகூட இல்லை. சிஆர்ஆர் 4 சதவீதமாக இருந்த நேரம் அது. 25 மடங்கு எங்கே, 6 மடங்கு எங்கே! ஒரு காரணம் எளிது. நம் ஆட்கள் நோட்டைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள், கதையில் வருகிற மாதிரி அவ்வளவையும் திரும்பக் கொண்டுவந்து போடுவதில்லை. இன்னொரு காரணம், கடன் எவ்வளவு உருவாகும் என்பதை அந்த விகிதம் தீர்மானிப்பதே இல்லை.

அப்படியென்றால் வங்கி தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டே போகலாமே என்று கேட்கத் தோன்றும். டிடியின் கதையைத் தொடர்ந்து பார்த்தால் ஏன் முடியாது என்பது தெரியும்.

விற்பவர் பெரியவர் அந்த டிடியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அவருக்கு நம் வங்கியில் கணக்கு இல்லை, கடைவீதியிலுள்ள வேறு ஒரு வங்கியில் இருக்கிறது. மறுநாள் அங்கே போடுகிறார். அந்த வங்கி நம்மிடம் பணம் கேட்கிறது. இப்போது "எங்கள் பேரேட்டில் 30 லட்சம் எழுதியிருக்கிறோம்" என்று சொன்னால் செல்லாது. அந்த வங்கிக்கு நம் எண் எதற்கு? இரண்டு வங்கிகளுக்கும் பொதுவான பணம் ஒன்று வேண்டும். அதுதான் ரிசர்வ் வங்கியில் ஒவ்வொரு வங்கியும் வைத்திருக்கும் நடப்புக் கணக்கின் இருப்பு. நாம் வங்கியில் கணக்கு வைத்திருப்பதுபோல வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கின்றன. கிளியரிங் முடியும்போது நம் வங்கியின் கணக்கில் 30 லட்சம் குறைந்து அந்த வங்கியின் கணக்கில் 30 லட்சம் ஏறும்.

ஆக இரண்டு விதப் பணம் இருக்கிறது. ஒன்று நம் பாஸ்புக்கில் இருப்பது, வங்கி எழுதுவது. இன்னொன்று ரிசர்வ் வங்கி மட்டுமே உண்டாக்கக்கூடியது. முதலாவதை வங்கி விரும்பிய நேரத்தில் எழுதலாம். ஆனால் அது வாசலைத் தாண்டி வெளியே போகும்போது இரண்டாவதைக் கொடுத்தாக வேண்டும். நோட்டாக வெளியே போனாலும் இதே கதைதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஏடிஎம்களில் நிரப்ப நோட்டு வேண்டுமென்றால், ரிசர்வ் வங்கி அதைக் கொடுத்துவிட்டு வங்கியின் நடப்புக் கணக்கில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும்.

நல்லவேளையாக, போகிற பணம் மட்டும் இல்லை, வருகிற பணமும் உண்டு. அன்றே வேறொரு ஊரில் வேறொரு வங்கி கொடுத்த கடன் நம் வங்கி வாடிக்கையாளர் கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கும். எதிரெதிரே இருக்கும் இரண்டு மளிகைக் கடைக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் கடையில் இல்லாததை அங்கிருந்து வாங்கிக் கொடுப்பார், அவரும் அப்படியே. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது மொத்தக் கணக்கையும் பார்த்து மிச்சத்தை மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். காசோலையும் டிடியும் போகும் கிளியரிங்கில் வங்கிகள் செய்வதும் அதுதான். நிகரத் தொகை மட்டுமே கைமாறும். எல்லா வங்கிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கடனைக் கூட்டிக்கொண்டு போனால் ஒன்றிலிருந்து போவது இன்னொன்றிலிருந்து வருவதில் பெரும்பாலும் கழிந்துவிடும். டெபாசிட் எல்லாரிடமும் கூடும், யாருக்கும் இருப்பு பெரிதாகக் குறையாது. ஒரு வங்கி மட்டும் துள்ளிக்கொண்டு மற்றவர்களைவிட வேகமாகக் கடன் கொடுத்தால் அதனிடமிருந்து தினமும் நிகரமாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி கணக்கு பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடைக்காரரே கொடுக்கவேண்டியவராக இருப்பார்.

மேலாளர்கள் ஏன் டெபாசிட் டெபாசிட் என்று பறக்கிறார்கள் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. மார்ச் மாதம் வந்துவிட்டால் நகைக்கடைக்காரர், கல்லூரித் தாளாளர், கல்யாண மண்டப உரிமையாளர் என்று ஒருவரையும் விடாமல் போய்ப் பார்ப்போம். கடன் கொடுப்பதற்கு முன் பணம் திரட்டுவதாக வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் கொடுத்த கடனால் வெளியே போன இருப்பைத் திரும்ப உள்ளே இழுக்கும் வேலை அது. வேறு வங்கியில் இருக்கும் ஒருவர் தன் டெபாசிட்டை நம்மிடம் மாற்றினால் அதோடு ரிசர்வ் வங்கி இருப்பும் நம் பக்கம் வருகிறது. நாட்டின் மொத்த டெபாசிட்டில் அதனால் ஒரு பைசா கூடாது. நம் வங்கிக்கு மட்டும் மூச்சு வரும். தனி வங்கிக்கு டெபாசிட் உயிர். வங்கிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது கடனின் நிழல். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை இந்த விஷயத்தில் ஆளுக்கு ஆள் ஒன்று பேசுகிறார்கள்.

டெபாசிட் இழுக்க முடியாத வங்கிக்கு வேறு வழிகளும் உண்டு. உபரி வைத்திருக்கும் வங்கியிடம் ஒரு நாளைக்குக் கைமாற்று வாங்கலாம். கையிலிருக்கும் அரசுப் பத்திரத்தைக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடமே வாங்கலாம். அதற்கான வட்டிதான் ரெப்போ விகிதம். இருப்பு தீர்ந்துபோவது என்பது பொதுவாக நடக்காது. அதன் விலைதான் ஏறும். ஏறினால், இனி கொடுக்கும் கடனுக்கு அதிக வட்டி கேட்கவேண்டும், கேட்டால் வாங்க வருபவர்கள் குறைவார்கள். ரிசர்வ் வங்கி பணத்தின் அளவைக் கட்டுப்படுத்துவதாகச் சொன்னாலும் அது உண்மையில் பிடித்திருப்பது இந்த வட்டியின் லகானை.

சிஆர்ஆர் கணக்கிடும் முறையைப் பார்த்தாலும் வரிசை தெரியும். இன்று ஒரு வங்கி எவ்வளவு இருப்பு வைக்கவேண்டும் என்பதைச் சில வாரங்களுக்கு முன் அதற்கு இருந்த டெபாசிட்டை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் அச்சடித்தாற்போல் அதே தொகை இருக்கவேண்டும் என்றும் இல்லை. இரண்டு வாரச் சராசரி சரியாக வந்தால் போதும், ஒரு நாள் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போகாமலிருந்தால் சரி. ஆக நான் இன்று 30 லட்சம் கடன் எழுதினால் அதற்கான இருப்பை வைக்கவேண்டிய நாள் அப்புறம்தான் வரும். 4 சதவீதத்தில் அது 1,20,000 ரூபாய். 2025 டிசம்பருக்குள் படிப்படியாக 3 சதவீதத்துக்கு இறக்கப்பட்ட பிறகு 90,000. அதையும் மொத்தமாகப் பார்த்துச் சரிசெய்வது மும்பைக் கருவூலத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். கிளையில் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிற யாரும் "இன்று சிஆர்ஆருக்கு இடம் இருக்கிறதா" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

இருப்பு குவிந்தால் கடன் தானாகப் பெருகும் என்ற பாடப் புத்தகக் கதையைச் சோதிக்க வேண்டுமென்று யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட 2016 நவம்பரில் நடந்ததைப்போல ஒன்றை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8 இரவு அறிவித்தார்கள். அவற்றின் மதிப்பு சுமார் 15.4 லட்சம் கோடி. புழக்கத்திலிருந்த மொத்தப் பணத்தாளில் 86 சதவீதம். வரிசையில் நின்ற கூட்டத்தையெல்லாம் சொல்லவேண்டியதில்லை, அது எல்லாருக்கும் நினைவிருக்கும். கடைசியில் கிட்டத்தட்ட அவ்வளவும், 15.3 லட்சம் கோடி, வங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

புத்தகத்தின்படி பார்த்தால் இது கற்பனைக்கு எட்டாத முதல் டெபாசிட். மாற்றிக்கொள்ளப் போதிய வழியில்லாமல் நோட்டுகள் கணக்கில் போய் விழ, வங்கிகளிடம் இருப்பு மலைபோலக் குவிந்தது. கடன் வெள்ளம் பாய்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கடன் வளர்ச்சி 5 சதவீத அளவுக்கு விழுந்தது, பல பத்தாண்டுகளில் காணாத சரிவு. நோட்டைக் கொடுத்துக் கணக்கில் எண்ணாக மாற்றிக்கொண்டதால் நாட்டின் மொத்தப் பணமும் கூடவில்லை. கையிலிருந்தது பேரேட்டுக்குப் போனது, அவ்வளவுதான். கடைவீதியில் வியாபாரம் படுத்துக் கிடந்தது. நல்ல நிறுவனங்கள் கடன் கேட்டு வரவில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்கப் பொதுத்துறை வங்கிகள் தயங்கின, ஏற்கெனவே கொடுத்தவை வாராக் கடனாகக் கழுத்தைப் பிடித்திருந்தன.

பணத்தை வைத்துக்கொண்டு வங்கிகள் என்ன செய்தன? ரிசர்வ் வங்கியிடமே திரும்பக் கொடுத்து வட்டி வாங்கப் பார்த்தன. அப்படிப் பணத்தை வாங்கும்போது ரிசர்வ் வங்கி ஈடாக அரசுப் பத்திரம் கொடுக்கவேண்டும். வந்த பணத்துக்கு ஈடுகொடுக்க ரிசர்வ் வங்கியிடமே போதுமான பத்திரம் இல்லாத நிலை. நவம்பர் 26 அன்று ஒரு விசித்திர உத்தரவு வந்தது. செப்டம்பர் 16க்கும் நவம்பர் 11க்கும் இடையில் கூடிய டெபாசிட்டுக்கு 100 சதவீதம் சிஆர்ஆர், அதுவும் வட்டியில்லாமல். அரசு சிறப்புப் பத்திரங்களை வெளியிட்டுப் பணத்தை உறிஞ்ச ஏற்பாடான பிறகு டிசம்பரில் அதை விலக்கிக்கொண்டார்கள். இருப்பு கைநிறைய இருந்தும் கடன் பிறக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. கடன் பிறக்க வாங்குகிற ஆள் வேண்டும், அவர் திருப்பிக் கட்டுவார் என்ற நம்பிக்கை வேண்டும். இன்னொன்றும் வேண்டும், அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மூலதனம். அதைப் பெட்டியில் வைத்திருக்கும் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கணக்கில் வரும் ஒரு வித்தியாசம். வங்கிக்கு வரவேண்டியவை எல்லாவற்றையும், அதாவது கொடுத்த கடன், பத்திரம், ரொக்கம், இருப்பு என்று ஒரு பக்கம் கூட்டுங்கள். வங்கி கொடுக்கவேண்டியவை எல்லாவற்றையும், அதில் பெரும்பங்கு டெபாசிட், மறுபக்கம் கூட்டுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதே பங்குதாரர்களுக்குச் சொந்தமான மூலதனம். சில கடன்கள் வராமல் போனால் அந்த இழப்பை முதலில் தாங்குவது இதுதான்.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கடனின் ஆபத்தை வைத்துச் சொல்கிறார்கள். நம் 30 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்குள் கொடுத்த அந்த அளவு வீட்டுக் கடனை 35 சதவீத ஆபத்துள்ளதாகக் கணக்கிடுவது இங்குள்ள விதி. அதாவது 10.5 லட்சம். அதற்கு, கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்து, 11.5 சதவீதம் மூலதனம். 1,20,750 ரூபாய் வருகிறது. அதே 30 லட்சத்தைத் தரமதிப்பீடு இல்லாத ஒரு நடுத்தரக் கம்பெனிக்குக் கொடுத்தால் முழுத் தொகையும் கணக்கில் வரும், 3,45,000 ரூபாய் வேண்டும். இருப்பு குறைந்தால் ராத்திரிக்குள் கைமாற்று வாங்கிவிடலாம். மூலதனத்தை அப்படி வாங்க முடியாது. லாபம் சேரவேண்டும், அல்லது யாராவது புதிதாகப் பங்கு வாங்க முன்வரவேண்டும். வங்கியின் கையை உண்மையில் கட்டிப்போடுவது இதுதான்.

கடன் சரியாகக் கட்டப்பட்டால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடலாம். 30 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் மாதம் அதில் 21,250 வட்டி, அசல் வெறும் 4,785. வட்டி வங்கியின் வருமானமாகி, டெபாசிட்தாரருக்கு வட்டியாகவும் ஊழியர்களுக்குச் சம்பளமாகவும் மீண்டும் யார் கணக்குக்காவது வந்துவிடும். அசல் 4,785 அப்படி இல்லை. கட்டுகிறவரின் சேமிப்புக் கணக்கில் அவ்வளவு குறைகிறது, கடன் கணக்கிலும் அவ்வளவு குறைகிறது. வேறு எங்கும் ஏறுவதில்லை. எழுதிப் பிறந்த பணம் அழித்து மறைகிறது. ஒவ்வொரு மாதமும் நாடு முழுவதும் இப்படி மறைவதைவிடப் புதிதாக எழுதுவது அதிகமாக இருப்பதால்தான் மொத்தம் வளர்ந்துகொண்டு போகிறது.

கட்டாமல் போனால்? இங்கேதான் சிக்கல். வீடு விற்ற பெரியவரின் கணக்கில் அந்த 30 லட்சம் இருக்கிறதல்லவா, அவர் அதில் மகளுக்குக் கல்யாணம் செய்திருப்பார், மண்டபக்காரர் கணக்குக்கும் நகைக்கடைக்காரர் கணக்குக்கும் அது போயிருக்கும். கடன் வாங்கியவர் தவணை கட்டாததால் அந்தப் பணம் செல்லாததாகிவிடுவதில்லை. அது யார் யார் கையிலோ உயிரோடு இருக்கும். செத்தது கடன் மட்டும். டெபாசிட் நின்றுவிட்டது, அதற்கு எதிரே எழுதியிருந்த சொத்து போய்விட்டது. நடுவில் விழுந்த பள்ளத்தை மூலதனம்தான் நிரப்பவேண்டும். நிரப்பப் போதாவிட்டால் வங்கி போண்டி. வாசலில் ஒருவரும் வரிசையில் நிற்காவிட்டாலும் போண்டிதான்.

கரூர் லட்சுமி விலாஸ் வங்கியில் இருப்பும் மூலதனமும் தனித்தனியாகத் தெரிந்தன. 1926ல் அந்த ஊர் வணிகர்கள் தொடங்கியது. காலப்போக்கில் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் வாராமல் போயின. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் வைத்தது. 2020 செப்டம்பர் 25 அன்று பங்குதாரர் கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உள்பட 7 இயக்குநர்களை ஓட்டுப்போட்டு வெளியேற்றினார்கள். டெபாசிட்தாரர்கள் பயந்துவிடக்கூடாது என்று வங்கி ஓர் அறிக்கை விட்டது. உடனடித் தேவைக்கான ரொக்கத்தன்மை குறைந்தபட்சம் 100 சதவீதம் இருந்தால் போதும், தங்களிடம் சுமார் 262 சதவீதம் இருக்கிறது என்றது.

அது பொய்யில்லை. ஆனால் அன்றைக்குக் கேட்டிருக்கவேண்டிய கேள்விக்கு அது பதிலும் இல்லை. அந்த மாத இறுதியில் கொடுத்த கடனில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு வாராக் கடன். மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2.85 சதவீதம். அதாவது விதிப்படி கணக்கிட்டால் இழப்பைத் தாங்கவேண்டிய மூலதனம் தீர்ந்துபோயிருந்தது. விஷயம் பரவப் பரவ டெபாசிட்தாரர்கள் பணத்தை வேறு வங்கிக்கு மாற்றத் தொடங்கினார்கள். மாற்றிய ஒவ்வொரு லட்சத்தோடும் ரிசர்வ் வங்கி இருப்பும் போனது. நவம்பர் 17 அன்று டெபாசிட்டை எடுக்கத் தடை வந்தபோது, டெபாசிட் தொடர்ந்து வெளியேறுகிறது, ரொக்கத்தன்மை குறைந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கி எழுதியது. 262ஐச் சொல்லி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு டெபாசிட்தாரர் அதிகபட்சம் 25,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள்.

வங்கி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் ரொக்கம் எவ்வளவு, சிஆர்ஆர் எவ்வளவு என்று பார்ப்பதைவிட இந்த இரண்டு எண்களைப் பார்க்கலாம்: மூலதன விகிதம், நிகர வாராக் கடன். காலாண்டு முடிவுகளில் இரண்டும் வெளிவரும். லட்சுமி விலாஸ் வங்கியின் மூலதனம் தேய்ந்துகொண்டிருந்தது பல காலாண்டுகளாக அப்படித்தான் அச்சில் வந்துகொண்டிருந்தது.

தடை வந்த அன்று டெபாசிட் சுமார் 20,000 கோடி. இதில் ஒரு பகுதி அந்த வங்கியே பல வருடங்களாகக் கடன் எழுதி உண்டாக்கியது, ஒரு பகுதி மற்ற வங்கிகள் எழுதி இங்கே வந்து சேர்ந்தது. எது எது என்று பிரிக்க வழியே கிடையாது, எல்லா ரூபாயும் ஒரே ரூபாய். 10 நாளில், நவம்பர் 27 அன்று, வங்கி டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டு எல்லாக் கிளைகளும் அந்தப் பெயரில் திறந்தன. 25,000 ரூபாய் வரம்பு போனது. டெபாசிட் எண்கள் ஒரு பைசா மாறாமல் புதுப் பேரேட்டுக்கு ஏறின. டிபிஎஸ் 2,500 கோடி புது மூலதனம் கொண்டுவந்தது. பழைய வங்கியின் பங்குகள் முழுவதும் ரத்தாகின, 318 கோடி ரூபாய் மூலதனக் கடன்பத்திரங்களும் பூஜ்யமாக எழுதப்பட்டன.